நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், மேஸ்திரி

புறநோயாளிகள் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். குடியைப் பற்றிப் பேச அது போதாது. பின்னால் வரிசை நிற்கும். கூட வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். நோயாளி நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வாசலைத் தாண்டியதும் பாதியை மறந்துவிடுவார். அது அவர் தவறல்ல. கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது எதுவும் மனதில் நிற்பதில்லை. அதனால் சிலருக்கு நான் கடிதமாக எழுதிக் கொடுப்பதுண்டு. வீட்டில் யாராவது இன்னொரு முறை படித்துக் காட்டலாம்.

கீழே இருப்பது அப்படியொரு கடிதம். இதில் வரும் சென்ட்ரிங் மேஸ்திரி ஒரே மனிதர் அல்ல, பலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். இதில் உள்ள அளவுகள் அவருடைய உடல்நிலையைப் பார்த்து அவருக்காகக் குறித்தவை. அதே நிலையில் இருக்கும் வேறொருவர் தன் மருத்துவரிடம் தனக்கான கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்புள்ள மேஸ்திரி அவர்களுக்கு,

வணக்கம். இன்று காலை நீங்கள் கிளம்பும்போது, "டாக்டர், நாளையிலிருந்து ஒரு சொட்டு தொடமாட்டேன், இது சத்தியம்" என்றீர்கள். பக்கத்தில் நின்ற உங்கள் மனைவியின் முகம் மலர்ந்தது. நான் மட்டும் "வேண்டாம், அவசரப்படாதீர்கள்" என்றேன். குடியை நிறுத்தச் சொல்ல வேண்டிய டாக்டரே ஏன் இப்படிச் சொல்கிறார் என்று இருவருக்கும் குழப்பமாக இருந்திருக்கும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டு குவார்ட்டர் என்றீர்கள். காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங், மதியம் ஒரு கட்டிங், சாயங்காலம் வேலை முடிந்ததும் ஒரு முழு குவார்ட்டர். ஆக 360 மில்லி பிராந்தி. பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியென்றால் 30 மில்லி பெக் ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. உங்களுக்கு ஒரு நாளைக்கு 12 பெக், அதாவது 120 கிராம். ஞாயிற்றுக்கிழமை பிராந்தியைக் குறைத்துக்கொண்டு "பீர் மட்டும்தான்" குடிப்பதாகச் சொன்னீர்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்று கிட்டத்தட்ட நாலு பெக்குக்குச் சமம். மூன்று பீர் குடித்தால் அன்றைக்கும் அதே 12 பெக்தான். உடல் பாட்டிலின் நிறத்தைப் பார்ப்பதில்லை, கிராமைத்தான் பார்க்கிறது.

இந்தக் கணக்கைச் சொல்வது உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற அல்ல. குறைப்பதற்கு அளவு தெரிய வேண்டும், அதற்காகத்தான். "கொஞ்சம் கம்மி பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் கம்மி பண்ண முடியாமல் திணறுவதற்குப் பாதிக் காரணம், எவ்வளவிலிருந்து குறைக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாததுதான்.

அடுத்து, மாலை போட்ட வருடம். கார்த்திகை முதல் தேதி மாலை போட்டீர்கள், அன்றோடு குடியை நிறுத்தினீர்கள். மறுநாள் ராத்திரி வலிப்பு வந்தது. அதற்கடுத்த ராத்திரி நீங்கள் தூங்கவே இல்லை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்று தட்டினீர்கள். உட்கார்ந்த இடத்திலேயே, இல்லாத கம்பிக்கு இல்லாத கட்டுக்கம்பியை முறுக்கி முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தீர்கள். இதையெல்லாம் உங்கள் மனைவி சொன்னார்கள், உங்களுக்கு எதுவும் நினைவில்லை. சுத்தபத்தம் தவறியதால் சாமி குற்றம் என்று ஒருவர் சொன்னாராம், காத்து கருப்பு என்று இன்னொருவர். மந்திரிக்கக் கூட்டிப்போன இடத்தில் உடம்பு நெருப்பாகக் கொதித்ததால்தான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள்.

அது சாமி குற்றமும் அல்ல, பேயும் அல்ல. நீண்ட நாள் நிறையக் குடித்த ஒருவர் ஒரேயடியாக நிறுத்தும்போது வரும் நோய் அது. எங்கள் பாடப்புத்தகங்களில் அதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். அதில் நோயாளி தன் தொழிலையே காற்றில் செய்துகொண்டிருப்பது எங்களுக்குப் பழக்கமான அறிகுறி. தையல்காரர் காற்றில் தைப்பார், டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து ஸ்டீயரிங் திருப்புவார். நீங்கள் கம்பி கட்டினீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதை உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். மூளையில் அடக்குவதற்கு ஒரு வேதிப்பொருள் உண்டு, காபா என்று பெயர். தூண்டிவிடுவதற்கு இன்னொன்று, குளூட்டமேட். ஆல்கஹால் முதலாவதற்குக் கைகொடுக்கிறது, இரண்டாவதை அமுக்குகிறது. தினமும் 12 பெக் என்று வருடக்கணக்கில் போனால், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. சொந்த அடக்கும் சக்தியைக் குறைத்துக்கொண்டு, தூண்டும் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. ஆக, பிராந்தி என்ற முட்டின் மேல்தான் தளமே நிற்கிறது. அந்த முட்டை ஒரே ராத்திரியில் உருவினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தளம் தன் பலத்தில் நிற்கும்வரை நீங்கள் முட்டைப் பிரிக்கவிட மாட்டீர்கள், பிரிக்கும்போதும் வரிசை பார்த்துத்தான் பிரிப்பீர்கள். அதைத்தான் உங்கள் மூளைக்கும் செய்யப்போகிறோம்.

முட்டு உருவப்பட்டதும் ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். தினமும் விடியற்காலையில் உங்களுக்கு வருவது அதன் சின்ன வடிவம்தான். ராத்திரி குடித்தது இறங்கிவிடுகிறது, டாஸ்மாக் திறப்பதோ மதியம் 12 மணிக்கு. அதனால்தான் முதல் நாளே வாங்கிய பாட்டிலில் ஒரு கட்டிங்கை மிச்சம் பிடித்துப் பீரோவுக்குப் பின்னால் வைக்கிறீர்கள். அது திருட்டுத்தனம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். நடுக்கத்துக்கு நீங்களே கண்டுபிடித்துக்கொண்ட மருந்து அது என்று நான் நினைக்கிறேன். குடி நின்றால் வலிப்பு வருவது பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள். உளறலும் உருவங்கள் தெரிவதும் பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில். கவனிக்காமல் விட்டால் அதில் உயிரே போகும்.

இது குடியை நிறுத்துவதால்தான் வருகிறதா, சரியாகச் சாப்பிடாததால் வருகிறதா என்று மருத்துவர்களுக்கே ஒரு காலத்தில் சந்தேகம் இருந்தது. 1955-இல் அமெரிக்காவில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவரின் குழு, சத்தான சாப்பாட்டையும் வைட்டமினையும் கொடுத்துக்கொண்டே சிலரை வாரக்கணக்கில் குடிக்க வைத்து, பிறகு சட்டென்று நிறுத்திப் பார்த்தது. அதிக நாள் குடித்தவர்களிடம் வலிப்பும் சித்தக் கலக்கமும் வந்தன. இன்று அப்படி ஒரு சோதனைக்கு யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது. ஆனால் கேள்விக்கு விடை கிடைத்தது.

நம் ஊரில் அதைக் கண்ணால் பார்த்தது 2020-இல். மார்ச் 24-ஆம் தேதி மாலை அடைத்த டாஸ்மாக் கடைகள் மே 7-ஆம் தேதிதான் திறந்தன. கேரளத்தில் நிலைமை முற்றி, டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே உத்தரவு போட்டது. அங்கிருந்த மருத்துவர்கள் அதை எதிர்த்தார்கள், ஏப்ரல் 2-ஆம் தேதி உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மருத்துவர்கள் சொன்னது சரி. இந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் நல்ல மருந்து இருக்கிறது, மதுவைச் சீட்டில் எழுத வேண்டியதில்லை. ஆனால் உத்தரவு போட்டவர்கள் பயந்ததும் பொய்யான பயம் அல்ல.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரு முறை வலிப்போ உளறலோ வந்தவருக்கு, அடுத்த முறை திடீரென நிறுத்தும்போது அது மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் மூளை இன்னும் கொஞ்சம் சுலபமாகப் பற்றிக்கொள்கிறது. ஆகவே "போன தடவை தப்பிச்சேன், இந்த தடவையும் தாங்கிடுவேன்" என்ற கணக்கு உங்கள் விஷயத்தில் எடுபடாது. வீட்டிலேயே இருந்து நிறுத்துவது உங்களுக்குக் கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாளையே வார்டில் சேருங்கள் என்றேன். அடுத்த வெள்ளிக்கிழமை கான்கிரீட், விட்டால் பேர் கெட்டுவிடும் என்றீர்கள். சரி, அதற்கடுத்த திங்கட்கிழமை படுக்கை சொல்லி வைத்திருக்கிறேன். இடையில் இருக்கும் பத்து நாளைக்கு இதைச் செய்யுங்கள்.

முதல் மூன்று நாள் எதையும் குறைக்க வேண்டாம். 30 மில்லி கோடு போட்ட அளவுக் குவளை ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். பாட்டிலில் இருந்து நேராக ஊற்றாமல் அதில் அளந்து ஊற்றுங்கள். கம்பிக் கணக்கு எழுதும் நோட்டிலேயே கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு பெக்குக்கும் ஒரு கோடு, பக்கத்தில் மணி. காலை 3, மதியம் 3, சாயங்காலம் 6 என்று வரும். நான்காம் நாள் ஒரு பெக் குறையுங்கள். 11. அப்படியே நாலு நாள். எட்டாம் நாள் இன்னொன்று. 10. அவ்வளவுதான். ஒரு நாள் நன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு மூன்று பெக்கைச் சேர்த்துக் குறைக்காதீர்கள்.

எந்த வேளையில் குறைப்பது என்பது முக்கியம். எல்லோரும் முதலில் காலைக் கட்டிங்கைத்தான் விடப் பார்ப்பார்கள், வெட்கம் அதில்தானே அதிகம். ஆனால் ராத்திரி முழுக்க இடைவெளி விட்ட பிறகு வருவது காலை வேளை. உடம்பு மிகவும் ஆட்டம் காணும் நேரம் அது. முதலில் சாயங்கால ஆறை ஐந்தாக்குங்கள், அடுத்து நாலாக்குங்கள். காலை மூன்றில் கை வைக்காதீர்கள். அதை வார்டில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

குறைத்த அன்று நடுக்கம் வழக்கத்தைவிடக் கூடினால், வியர்வை கொட்டினால், வாந்தி வந்தால் முந்தைய அளவுக்கே திரும்பிவிட்டு எனக்கு ஒரு போன் செய்யுங்கள். அது தோல்வி இல்லை, முட்டை அவசரமாக அசைத்துவிட்டோம் என்று அர்த்தம். ஆனால் வலிப்பு வந்தாலோ, நேரம் காலம் இடம் தெரியாமல் பேசினாலோ, இல்லாதது கண்ணில் தெரிந்தாலோ, மறுபடி ஒரு பெக் ஊற்றிச் சரிக்கட்டும் வேலை வேண்டாம். 108-க்குக் கூப்பிட வேண்டும். இந்த இடத்தை வீட்டில் எல்லோரும் படிக்கட்டும். வலிப்பு வந்தால் ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கையில் சாவியோ இரும்போ திணிக்க வேண்டாம், வாயில் தண்ணீரோ துணியோ எதையும் வைக்க வேண்டாம். ரத்த வாந்தி எடுத்தாலும், தார் மாதிரி கறுப்பாக மலம் போனாலும் அதே 108தான்.

சீட்டில் தயமின் என்று 100 மில்லிகிராம் மாத்திரை எழுதியிருக்கிறேன். வைட்டமின் பி1. பார்க்க அற்பமான மாத்திரை, விலையும் சொற்பம். ஆனால் அந்தச் சீட்டில் உள்ளதிலேயே விடக்கூடாத மருந்து எது என்று கேட்டால் அதைத்தான் காட்டுவேன். மது குடலில் இந்த வைட்டமினை உறிஞ்சவிடாது. நீங்களோ மதியம் சைடிஷ்ஷோடு சாப்பாட்டை முடித்துக்கொள்கிறீர்கள். பி1 வற்றிப்போனால் கண் இரட்டையாகத் தெரியும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். 1881-இல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்த நோய் இது. இதில் உள்ள கொடுமை என்னவென்றால், தள்ளாடுகிறவரைப் பார்த்ததும் "இன்னைக்கு ஓவராயிடுச்சு" என்று மூலையில் படுக்க வைத்துவிடுவார்கள். தாமதமானால் ஞாபக சக்தி நிரந்தரமாகப் போய்விடும். குடித்த அளவுக்குப் பொருந்தாத தள்ளாட்டம் என்று தோன்றினால் காத்திருக்காமல் கூட்டி வரச் சொல்லுங்கள்.

தெருமுனை கிளினிக்கில் "உடம்பு அசதியா இருக்கு, குளுக்கோஸ் ஏத்துங்க" என்று கேட்கும் பழக்கம் உங்களுக்கு உண்டென்று தெரியும். இந்தப் பத்து நாளில் அங்கே போக நேர்ந்தால், தினமும் குடிப்பேன், பி1 ஊசி போட்ட பிறகு பாட்டில் ஏற்றுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சர்க்கரையை உடல் எரிப்பதற்கே பி1 தேவை. இருக்கிற கொஞ்சத்தையும் அந்தக் குளுக்கோஸ் இழுத்துக்கொண்டால் நான் மேலே சொன்ன நோய் அன்றைக்கே கிளம்பலாம். ஒரு குறிப்பு: வீட்டில் புழுங்கலரிசிதான் என்றார்கள், நல்லது. நெல்லை அவிக்கும்போது பி1 அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பச்சரிசியைவிட அதில் இந்தச் சத்து கூடுதல். காலை கட்டிங்குக்கு முன்னால் இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும்.

இந்தப் பத்து நாளும் சாரத்தில் ஏறாதீர்கள், பைக் ஓட்டாதீர்கள். கீழே நின்று வேலை வாங்குங்கள். கான்கிரீட் போட்ட சாயங்காலம் பையன்களுக்கு பிரியாணியும் குவார்ட்டரும் வாங்கித் தருவது உங்கள் தொழிலில் வழக்கம் என்று எனக்குத் தெரியும். பிரியாணி வாங்கிக் கொடுங்கள். குவார்ட்டருக்கான காசைக் கூலியோடு சேர்த்துக் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். பாட்டிலை வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் மட்டும் பத்தோடு நிறுத்துவது யாராலும் ஆகாத காரியம்.

இனி உங்கள் ரத்தப் பரிசோதனை. எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 62. இரண்டும் கல்லீரலில் இருக்கும் என்சைம்கள். மற்ற கல்லீரல் நோய்களில் பெரும்பாலும் இரண்டாவது கூடுதலாக இருக்கும். முதலாவது இரண்டு மடங்குக்கும் மேல் போனால், மதுவைத்தான் முதலில் சந்தேகிப்போம். ஜிஜிடி 310, அதுவும் அதே கதையைச் சொல்கிறது. சிவப்பணுக்கள் பருத்திருக்கின்றன. ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு படிந்து வீங்கியிருக்கிறது. ஆனால் சுருங்கவில்லை, வயிற்றில் நீர் இல்லை, காமாலை இல்லை, தட்டணுக்கள் குறையவில்லை. இது நல்ல செய்தி, தயங்காமல் சொல்கிறேன். கொழுப்பு படிந்த கல்லீரல், குடி நின்றால் சில வாரங்களிலேயே பெரும்பாலும் தேறிவிடும். தழும்பு விழுந்து சுருங்கிய கல்லீரல் அப்படித் தேறாது. நீங்கள் இன்னும் முதல் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

"அப்போ தினமும் ஒரு கட்டிங்னு குறைச்சுக்கிட்டா போதாதா?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வாரத்தில் சில நாள் அளவு மீறிக் குடிப்பவர், காலையில் நடுக்கம் வராதவர், வலிப்பு கண்டிராதவர் கேட்டால் என் பதில் வேறு. குடிக்கும் நாட்களைக் குறையுங்கள், அளந்து ஊற்றுங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம் என்று சொல்லி, இரண்டு மாதம் கழித்து வரச் சொல்வேன். பலருக்கு அது பலிக்கிறது. பூரண மதுவிலக்கு ஒன்றே எல்லோருக்கும் வழி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் மூளை ஒரு முறை முட்டின் மேல் நின்று பழகிவிட்டது. அதற்கு ஒரு கட்டிங் என்பது ஒரு கட்டிங்கோடு நிற்பதில்லை, சில வாரங்களில் மீண்டும் இரண்டு குவார்ட்டரில் கொண்டுபோய் விடும். உங்களுக்கு முழுதாக நிறுத்துவதைத்தான் சிபாரிசு செய்கிறேன். அது முடியாத நாட்களில் குறைவாகக் குடித்தாலும் அது நிறையக் குடிப்பதைவிட மேல்தான், அதற்காக உங்களை வைத்தியத்திலிருந்து விலக்கிவிட மாட்டேன்.

வார்டில் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள். கட்டிப் போடுவார்களா என்று உங்கள் மனைவி தனியாக வந்து கேட்டார்கள். ஏழு நாள் இருக்க வேண்டியிருக்கும். முதலில் பி1 ஊசி. பிறகு மது பிடித்திருந்த இடத்தைப் பிடிக்கும் ஒரு மருந்து, குளோர்டையாசெப்பாக்சைடோ லோராசெப்பாமோ, உங்கள் கல்லீரலைப் பார்த்து முடிவு செய்வோம். இது தற்காலிக முட்டு. முதல் நாள் முழு அளவு, பிறகு நாளுக்கு நாள் குறைத்து, கடைசியில் எடுத்துவிடுவோம். சில மணி நேரத்துக்கு ஒரு முறை செவிலியர் வந்து கையை நீட்டச் சொல்லி நடுக்கம் பார்ப்பார், வியர்வை பார்ப்பார், இன்று என்ன கிழமை என்று கேட்பார். சின்னப் பிள்ளையைக் கேட்பது போல இருக்கிறதே என்று கோபப்படாதீர்கள். அந்தப் பதிலைக் கொண்டுதான் அடுத்த வேளை மருந்தின் அளவே முடிவாகும். இந்த மாத்திரைகளை யாராவது பார்மசியில் வாங்கித் தந்தாலும் வீட்டில் போடாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அமுக்கிவிடும்.

ஏழு நாளில் முட்டு பிரிந்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். மாலை போட்ட வருடத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, 48 நாள் ஒரு சொட்டு தொடவில்லை. மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் தொடங்கிவிட்டது. "எனக்கு மன உறுதி கிடையாது டாக்டர்" என்று நீங்களே உங்களைத் திட்டிக்கொண்டீர்கள். 48 நாள் இருந்தவருக்கு உறுதி இல்லை என்று எந்தக் கணக்கில் சொல்வது? மாலை இருந்தவரை விடியற்காலைக் குளியல் இருந்தது, சாயங்காலம் பஜனை இருந்தது, கூட நாலு சாமிகள் இருந்தார்கள், "குடிக்க வா" என்று கூப்பிட யாருக்கும் துணிச்சல் இல்லை. கழற்றியதும் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. 49-ஆம் நாளுக்கு உங்களிடம் திட்டம் இல்லை. இந்த முறை அந்தத் திட்டத்தோடுதான் உங்களை வீட்டுக்கு அனுப்புவேன்.

ஆசையைக் குறைக்க மாத்திரை உண்டு. நால்ட்ரெக்சோன், குடித்தால் கிடைக்கும் கிறக்கத்தை மழுங்கடிக்கும். அகாம்ப்ரோசேட், நிறுத்தியவரின் தவிப்பைத் தணிக்கும். உங்களுக்கு எது என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் முன் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்துச் சொல்கிறேன். சில மாதங்களாவது எடுக்க வேண்டியிருக்கும். தூக்கம் சில வாரம் சரியாக வராது, அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தூக்கம் இல்லாத மூன்றாவது ராத்திரியில்தான் பலர் திரும்பக் குடிக்கிறார்கள். உங்களுக்கு ஆபத்தான நேரம் சனிக்கிழமை சாயங்காலம் கூலி பட்டுவாடா முடிந்த கையோடு வருகிறது. பட்டுவாடாவை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று யோசித்து வையுங்கள், வார்டில் உட்கார்ந்து பேசுவோம்.

உங்கள் மனைவிக்கு ஒரு வார்த்தை. அம்மா, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றை பஸ்ஸில் ஒட்டிய விளம்பரத்தில் பார்த்ததாகச் சொன்னீர்கள். தயவுசெய்து வேண்டாம். அப்படிப்பட்ட பொட்டலங்களில் சிலவற்றில் டைசல்பிராம் என்ற மருந்து இருக்கக்கூடும். அதன் கதை விசித்திரமானது. 1940-களில் கோபன்ஹேகனில் யென்ஸ் ஹால்ட், எரிக் யாகோப்சன் என்ற இருவர் அதைக் குடற்புழு மருந்தாகச் சோதிக்க நினைத்துத் தாங்களே விழுங்கினார்கள். பிறகு மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, குமட்டிக்கொண்டு வந்தது. அப்படித்தான் அது குடியை நிறுத்தும் மருந்தானது. தெரிந்து, சம்மதித்து, டாக்டர் கண்காணிப்பில் எடுப்பவருக்கு அது உதவும். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு அவர் வழக்கம்போல இரண்டு குவார்ட்டர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றுபோகலாம். மருந்து கொடுப்பதென்றால் அவருக்குத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு என்றாவது ஒரு நாள் குடித்துவிட்டால், மறுநாள் காலையே எனக்குச் சொல்லுங்கள். திட்டமாட்டேன். ஆனால் ஒன்று, பழைய நினைப்பில் பழைய அளவை ஊற்றாதீர்கள். நிறுத்தி ஒரு மாதம் ஆன உடம்பு பழைய 12 பெக்கைத் தாங்காது. ராத்திரி நேரத்தில் என்னைப் பிடிக்க முடியாவிட்டால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. போதை மீட்புக்கென்றே 14446 என்ற எண்ணும் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள். நோட்டையும், எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அதன் அட்டையையும் கொண்டு வாருங்கள். உடம்பு வலிக்கென்று சைட்டில் வாங்கிப் போடும் ஊசி, மாத்திரை விவரமும் வேண்டும். இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிறோமே, வாடை அடிக்குமே என்று அன்று காலை மூன்று பெக்கை விட்டுவிடாதீர்கள். அளந்து குடித்துவிட்டு, உங்கள் மகனோடு பஸ்ஸில் வாருங்கள். வாடை வந்தால் வரட்டும். வழியில் வலிப்பு வரக்கூடாது.

இப்படிக்கு,
உங்கள் மருத்துவர்